குத்துவிளக்கு: கனம், மெருகு, களிம்பு

குத்துவிளக்கு வாங்கப் போகிறவர் உயரத்தைச் சொல்லிக் கேட்பார். கடைக்காரர் எடையைச் சொல்லி விலை போடுவார். இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது. ஒரே இரண்டடி உயரம், ஒரே ஐந்து முகம், உச்சியில் ஒரே மாதிரி அன்னம். ஆனால் ஒரு விளக்கு மூன்று கிலோ, பக்கத்தில் நிற்பது நாலேகால் கிலோ. எது நல்லது என்று கேட்டால், “கனமா இருக்கிறதை எடுத்துக்கங்கக்கா, தலைமுறைக்கும் நிக்கும்” என்பார். பாதி உண்மை. அந்தக் கனம் எதனால் வந்தது என்பதுதான் மீதி.

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் இருக்கிறது நாச்சியார்கோவில். வைணவர்களுக்கு அது திருநறையூர். அங்குள்ள கல் கருடனைச் சன்னிதியிலிருந்து தூக்கும்போது நான்கு பேர் போதும் என்றும், வெளியே வர வர எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஆள் கூடிக்கொண்டே போக வேண்டும் என்றும் ஊரில் சொல்வார்கள். எடை கூடுகிற கருடனுக்குப் பேர்போன அதே ஊரில்தான், எடைக்கு விற்கிற குத்துவிளக்கும் வார்க்கப்படுகிறது. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வார்ப்பு அச்சுக்கு அந்தப் பகுதி ஆற்றங்கரையில் கிடைக்கும் நைசான வண்டல் மண் தோதாக இருந்ததே அந்தத் தொழில் அங்கே வேரூன்ற ஒரு காரணம்.

விளக்கு ஒரே வார்ப்பாக வருவதில்லை. பாதம், தண்டு, எண்ணெய் நிற்கும் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டுத் திருகிச் சேர்க்கிறார்கள். மாதிரி உருவை மண்ணுக்குள் வைத்து அழுத்தி, இரண்டு பாதியாகப் பிரித்து, உருவை எடுத்துவிட்டால் உள்ளே பள்ளம் நிற்கும். மூசையில் உருகிய பித்தளையை அதில் ஊற்றுகிறார்கள். பாதம் அடிப்பக்கம் திறந்த கூடாக இருக்க வேண்டுமானால் பள்ளத்துக்குள் மண் உருண்டை ஒன்றை நிறுத்தி வைக்க வேண்டும். அந்த உருண்டை எவ்வளவு பெரியதோ, சுவர் அவ்வளவு மெல்லியது. இரண்டடி விளக்கில் ஒரு கிலோ வித்தியாசம் வருவதன் சூட்சுமம் இங்கே இருக்கிறது. உயரமும் வெளித்தோற்றமும் மாறாமல், உள்சுவரின் பருமன் மட்டும் மாறுகிறது.

பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும். விளக்குப் பித்தளையில் துத்தநாகம் பொதுவாக நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பது பங்கு வரை இருக்கும். குறைந்தால் நிறம் செம்மை ஏறும், கூடினால் மஞ்சள் வெளுக்கும். தாமிரம் உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். மூசைக்கு மேலே பஞ்சு மாதிரி வெள்ளைப் புகை எழுந்தால், அது துத்தநாகம் எரிந்து போகிற புகை. பழைய பித்தளையை மறுபடி மறுபடி உருக்குகிறவர்கள், போன துத்தநாகத்துக்கு ஈடாகப் புதிதாகச் சேர்த்தே ஆக வேண்டும். ஒரு ஜோடி விளக்கில் ஒன்று கொஞ்சம் செம்மையாகவும் மற்றது வெளிர் மஞ்சளாகவும் இருந்தால் மோசடி என்று பாய வேண்டாம். பெரும்பாலும் இரண்டும் வெவ்வேறு மூசையில் உருகியவை, அவ்வளவுதான். ஜோடியாக வாங்குகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு வருத்தம் இல்லை.

எடைக்கு வருவோம். உலோகத்தைக் கிலோக் கணக்கில் விற்கும்போது, விலை குறைந்த எதையாவது உள்ளே போட்டு எடையைக் கூட்டினால் லாபம். பாதத்தின் கூட்டுக்குள் சிமெண்டு நிரப்பி மேலே தகடு வைத்து மூடுவது உண்டு. தண்டுக்குள் இரும்புக் கம்பி விடுவதும் உண்டு. நியாயத்தையும் சொல்ல வேண்டும்: உயரமான விளக்குக்கு அடிப்பாரம் இல்லாவிட்டால் புடவைத் தலைப்பு பட்டாலே சாய்ந்துவிடும் என்பதால் சிலர் நிறுத்தத்துக்காகவே பாதத்தை நிரப்புகிறார்கள். அதைச் சொல்லி, நிரப்பிய எடையைக் கழித்து விலை போட்டால் அதில் தப்பே இல்லை. சொல்லாமல் சிமெண்டைப் பித்தளை விலைக்கு விற்பதுதான் தப்பு.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் எளியவை. விளக்கைத் திருகிப் பிரிக்கச் சொல்லுங்கள். பாதத்தைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். கூடு திறந்திருந்து, உள்சுவரில் வார்ப்பின் சொரசொரப்பு தெரிந்தால் நிம்மதி. மூடியோ பெயிண்ட் அடித்தோ இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பாதத்தை விரல் நுனியில் நிறுத்தி, மற்றொரு கையின் மோதிர விரலால் தட்டினால் வெறும் பித்தளை ரீங்காரமிடும். உள்ளே எதையாவது அடைத்தது ‘தொப்’ என்று அமுங்கும். சின்னக் காந்தம் ஒன்றைக் கைப்பையில் கொண்டு போனால் இரும்புக் கம்பியும், இரும்பின் மேல் பித்தளை முலாம் பூசியதும் தெரிந்துவிடும். பித்தளை காந்தத்தை இழுக்காது. ஆனால் காந்தம் சிமெண்டைக் காட்டாது, அலுமினியத்தையும் காட்டாது.

அதற்கு வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. பயணப் பெட்டியை எடை பார்க்கும் டிஜிட்டல் கொக்கித் தராசும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். பொருளை முதலில் காற்றில் தொங்கவிட்டு எடை பாருங்கள். பிறகு அடி தொடாமல், முழுவதும் முங்கும்படி தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த எடையால் முதல் எடையை வகுத்தால் அந்தப் பொருள் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று வரும். பித்தளைக்கு அது எட்டரையை ஒட்டி இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். காற்றில் 4 கிலோ 250 கிராம் காட்டும் விளக்கு, தண்ணீருக்குள் 3 கிலோ 750 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 500 கிராம். 4250-ஐ 500-ஆல் வகுத்தால் 8.5. அசல் பித்தளை. பக்கத்தில் அதே 4 கிலோ 250 கிராம் எடையில் இன்னொரு விளக்கு. அது தண்ணீருக்குள் 3 கிலோ 300 கிராம்தான் காட்டுகிறது. குறைந்தது 950 கிராம். வகுத்தால் நாலரைகூட வரவில்லை. இறுகிய சிமெண்டு தண்ணீரைவிட இரண்டு மடங்குக்குச் சற்றே அதிகம்தான் கனம். அதை வைத்துக் கணக்கிட்டால், அந்த விளக்கில் பித்தளை மூன்று கிலோவுக்கும் குறைவு. ஏறத்தாழ ஒரு கிலோ 300 கிராம் வேறு ஏதோ சரக்கு. பித்தளை விலையில் அந்த ஒன்றேகால் கிலோவுக்கு மேல் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

சோதனையில் கவனிக்க வேண்டியது ஒன்று. பாதத்தின் கூட்டுக்குள் காற்று தங்கிவிட்டால் நல்ல விளக்கும் கெட்டதாகத் தெரியும். ஆகவே பகுதிகளைப் பிரித்து, பாதத்தைச் சாய்த்து முக்கி, குமிழி வருவது நின்ற பிறகே எடை பார்க்க வேண்டும். தராசு பத்துப் பத்து கிராமாகத்தான் காட்டும் என்பதால் எட்டேகாலுக்கும் எட்டே முக்காலுக்கும் இடையே எது வந்தாலும் கவலை வேண்டாம். வார்ப்புக்குள் நுண்துளைகள் இருந்தாலும் கொஞ்சம் குறையும். ஆறு, ஐந்து என்று இறங்கினால்தான் விசாரிக்க வேண்டும்.

நுண்துளை என்றதும் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார்ப்பில் காற்று மாட்டிக்கொண்ட இடத்தில் ஊசித் துளை விழும். கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய்க்குத் தெரியும். புது விளக்கை ஏற்றுவதற்கு முன், தட்டில் எண்ணெய் விட்டு ஒரு செய்தித்தாள் மேல் ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். தாளின் நடுவில் வட்டம் விழுந்தால் கசிவு. மரை வழியாகத் தண்டில் வழிவது வேறு விஷயம். மரையில் இரண்டு சுற்று பருத்தி நூல் சுற்றித் திருகினால் நின்றுவிடும். தட்டே கசிந்தால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். ஈயப்பற்று வைத்துத் தருகிறோம் என்பார்கள். பற்றுக்கு வழக்கமாகப் பயன்படும் வெள்ளீயக் கலவை 183 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். எண்ணெய் இருக்கும்வரை தட்டு அவ்வளவு சுடாது. எண்ணெய் வற்றித் திரி மட்டும் எரிகிற ஒரு நாள் வரும். அன்றைக்கு, அதுவும் பற்று முகத்தின் பக்கம் இருந்தால், அது நம்பத்தக்கதல்ல.

அடுத்தது மெருகு. மண்ணிலிருந்து எடுத்த வார்ப்பு மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். அரம் போட்டு, கடைசலில் கடைந்து, உப்புத்தாள் தேய்த்து, துணிச் சக்கரத்தில் மெருகு ஏற்றுகிறார்கள். நல்ல வேலையா என்று பார்க்க, பளபளப்பைப் பார்க்காதீர்கள். பளபளப்பு எதற்கும் ஏற்றலாம். தண்டின் வளையங்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களைப் பாருங்கள். அங்கே அரத்தின் கீறலோ மண் ஒட்டிய கருமையோ இருந்தால் அவசர வேலை. மரையைத் திருகிப் பாருங்கள். தடங்கலில்லாமல் இறங்கி, முடிவில் ஆட்டமில்லாமல் நிற்க வேண்டும். ஐந்து முகங்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதற்குத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதும். ஒரு முகத்தில் மட்டும் முன்னதாக வழிந்தால், நாளைக்கு எண்ணெயும் அங்கேதான் வழியும்.

கடையில் மாதக்கணக்கில் மங்காமல் மின்னுகிற விளக்கு என்றால் பெரும்பாலும் அதன்மேல் லாக்கர் பூச்சு இருக்கும். ஷோகேஸ் பொம்மைக்கு அது சரி. எரிகிற விளக்குக்கு வேண்டாம் என்பது என் தீர்ப்பு. முகத்தருகே சூட்டில் பூச்சு பழுத்து மஞ்சளாகும், பிறகு உரியும். உரிந்த இடம் கறுக்கும், உரியாத இடம் மின்னும். தேமல் விழுந்த மாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் எவ்வளவு புளி போட்டாலும் பூச்சுள்ள இடத்தில் ஏறாது. பூச்சு இருக்கிறதா என்று அறிய, பாதத்தின் அடியில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் நிறம் மாறினால் வெறும் உலோகம். எந்த மாற்றமும் இல்லையென்றால் பூச்சு. எடுக்க வேண்டுமானால் நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம், சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாமல்.

இன்னொரு மெருகு ‘ஆண்டிக் ஃபினிஷ்’. கந்தகம் சேர்ந்த ரசாயனக் கரைசலில் முக்கிக் கறுக்க வைத்து, மேடான இடங்களை மட்டும் தேய்த்து விடுவார்கள். அழகுக்காக வாங்கினால் வாங்குங்கள், ‘பாட்டி காலத்து விளக்கு’ விலை கொடுக்காதீர்கள். உண்மையில் வயதான விளக்கில் கை படுகிற தண்டின் நடுப்பகுதி தேய்ந்து வழவழப்பாக இருக்கும். முகங்களின் நுனி மழுங்கியிருக்கும். மரையின் உள்பக்கத்தில் காய்ந்த எண்ணெய்ப் பிசின் இருக்கும். நேற்று கறுத்த விளக்கிலோ மரைக்குள்ளும் அதே சீரான கறுப்பு, இல்லையென்றால் புத்தம்புது மஞ்சள்.

இனி துலக்குவது. வியாழக்கிழமை சாயங்காலம் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கொல்லைப்புறத்திலோ சமையலறைத் தொட்டியிலோ நடக்கிற வேலை. அதில் ஒரு தவறான வரிசை பரவலாக இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் விளக்கில் நேரே புளியைப் போட்டுத் தேய்ப்பார்கள். போகவில்லை என்று செங்கல் பொடி, இரும்பு நார் என்று ஏறிக்கொண்டே போவார்கள். விளக்கில் படிவது ஒரே அழுக்கு அல்ல. மேலே எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கரியும். அடியில் உலோகத்தின் மங்கல். முதலாவதைப் புளி தொடவே தொடாது. இரண்டாவதைச் சோப்பு தொடாது.

நல்லெண்ணெய் காற்றில் மெல்லக் கெட்டியாகும் குணம் உள்ளது. சூடும் சேர்ந்தால் வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். விளக்கின் முகத்தடியில் ஒட்டிக்கொண்டு நகத்தால் சுரண்டினாலும் வராத அந்தப் பழுப்புப் பிசின் அதுதான். அதற்குக் காரம் வேண்டும். ஒரு லிட்டர் கைபொறுக்காத வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, பிரித்த பகுதிகளை இருபது நிமிடம் ஊற வையுங்கள். தேங்காய் நாரோ பழைய பல்துலக்கியோ கொண்டு தேய்த்தால் பிசின் கழன்று வரும். சலித்த விறகுச் சாம்பலும் அந்தக் காலத்தில் இதே வேலையைத்தான் செய்தது. சாம்பலில் காரம் இருக்கிறது. தினசரி விளக்கு ஏற்றுகிற வீட்டில் வாராவாரம் இந்த அளவுகூடத் தேவையில்லை. சுடுநீரும் பாத்திரச் சோப்பும் போதும்.

பிசுக்கு போன பிறகும் உலோகம் பழுப்பாக இருந்தால் அப்போது புளியை எடுங்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் மேலுள்ள ஆக்சைடு படலத்தைக் கரைக்கிறது. சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, துணியால் தேய்த்து உடனே கழுவிவிட வேண்டும். உப்பு சேர்த்தால் வேகமாக வேலை செய்யும் என்பது உண்மை. நான் சேர்க்கச் சொல்ல மாட்டேன். பள்ளங்களில் தங்கிய உப்புதான் ஒரு வாரத்தில் பச்சைப் புள்ளியாக எட்டிப் பார்க்கிறது. சேர்த்தே தீருவீர்களானால் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள்.

புளியில் ராத்திரி முழுக்க ஊற வைத்த விளக்கு காலையில் ரோஜா நிறத்துக்கு மாறியிருக்கும். பயந்துபோய் ‘கலப்பட உலோகம்’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நடந்தது வேறு. அமிலம் நீடித்து இருந்தால், பித்தளையின் மேல்தோலிலிருந்து துத்தநாகத்தை முதலில் கரைத்து எடுத்துக்கொள்கிறது. தாமிரம் தனியாக நிற்கிறது. அதுதான் அந்தச் சிவப்பு. படலம் மெல்லியது. நைசான விபூதியை ஈரத்துணியில் தொட்டுக் கொஞ்ச நேரம் தேய்த்தால் மஞ்சள் திரும்பி வரும். ஆனால் அடிக்கடி இப்படி ஆனால் மேல்தோல் சொரசொரப்பாகி, முன்னைவிடச் சீக்கிரம் கறுக்க ஆரம்பிக்கும்.

செங்கல் பொடியும் ஸ்டீல் நாரும் அந்த நேரத்துக்குப் பளிச்சென்று காட்டும். அவை அழுக்கை எடுப்பதில்லை, உலோகத்தையே சுரண்டுகின்றன. நுண்ணிய கீறல்களில் எண்ணெயும் ஈரமும் புகுந்து தங்கும். இரண்டு தலைமுறை செங்கல் பொடியில் அன்னத்தின் கண் அழிந்து, இறக்கையின் கோடுகள் மழுங்கிப் போன விளக்குகளைப் பார்க்கலாம். கடையில் விற்கிற துலக்கும் பொடிகளில் அமிலமும் தேய்பொருளும் இரண்டுமே சேர்ந்திருக்கும். கொஞ்சமாகத் தொட்டு, மெல்லத் தேய்த்து, உடனே கழுவினால் பரவாயில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்: அமோனியா. கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றிலும், சில உலோகப் பாலிஷ்களிலும் அது இருக்கும். மூக்கைத் துளைக்கும் வாசனையே காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களின் பக்கம் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. உறைகளை இழுத்து அடித்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும், லாயத்திலிருந்து வந்த அமோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். வார்த்த விளக்குக்கு இந்த ஆபத்து குறைவு. தகட்டை அழுத்தி வடித்த லேசான விளக்குகளின் விளிம்புக்கும் மரைக்கும்தான் அதிகம்.

கழுவியதோடு வேலை முடிவதில்லை. ஈரம் தங்குவதுதான் கறைக்கு முதல் காரணம். துணியால் துடைத்து, பகுதிகளைப் பிரித்தபடியே கால் மணி நேரம் வெயிலில் வையுங்கள். பிறகு துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வெளிப்பக்கம் முழுவதும் மெல்லத் தடவி, அதிகப்படியை ஒற்றி எடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த எண்ணெய்ப் படலம் காற்றையும் ஈரத்தையும் கொஞ்ச நாள் தள்ளி நிறுத்தும். சந்தனம் குங்குமம் இடுகிறீர்கள் என்றால், அடுத்த முறை துலக்கும்வரை அப்படியே விடாமல் மறுநாள் துடைத்துவிடுங்கள். ஈரச் சந்தனம் காய்ந்த இடத்தில் வட்டமாகக் கறை நிற்பது அதனால்தான். பூச்சரத்தின் ஈரமும் அப்படித்தான்.

தட்டில் வரும் பச்சையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். களிம்பு என்றாலே தண்ணீர் பட்டதால் வந்தது என்று நினைக்கிறோம். விளக்குத் தட்டில் மெழுகு மாதிரி வழவழவென்று ஒட்டியிருக்கும் பச்சைக்குக் காரணம் எண்ணெயே. பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்போது அதில் கொழுப்பு அமிலங்கள் பிரிந்து நிற்கின்றன. அவை பித்தளையிலுள்ள தாமிரத்தோடு சேர்ந்து பச்சை நிறச் சோப்பு ஒன்றை உண்டாக்குகின்றன. நேற்றைய மிச்சத்தின் மேலேயே இன்றைய எண்ணெயை ஊற்றிக்கொண்டு போகிற வீடுகளில்தான் இது அதிகம். மருந்து எளிது. இரண்டு நாளைக்கு ஒரு முறை மிச்ச எண்ணெயை வடித்து, பழைய துணியால் தட்டைத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் விடுங்கள். வெந்நீரும் சோடாவும் அந்தப் பச்சையை எடுத்துவிடும். துடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். தாமிர உப்பு வயிற்றுக்குள் போகக் கூடாதது. மெழுகாக இல்லாமல் வெளிர்பச்சைத் தூளாக, துடைத்த பிறகும் அதே புள்ளியில் திரும்பத் திரும்ப வந்தால், அது உப்பு தங்கியதன் அடையாளம். கடற்கரை ஊர்களில் காற்றே அந்த உப்பைக் கொண்டு வந்து சேர்க்கும். சுத்தமான தண்ணீரில் பல முறை ஊற வைத்துக் கழுவி, நன்றாகக் காய வைத்தால் அடங்கும்.

இத்தனைக்குப் பிறகும் பித்தளை மாறத்தான் செய்யும். துலக்கிய சில நாட்களில் மஞ்சளின் கூர்மை போய் இளம்பொன் நிறமாகும். விட்டுவைத்தால் மாதக் கணக்கில் தேன் நிறம், பழுப்பு, பிறகு கருமை கலந்த பழுப்பு என்று இறங்கும். சாக்கடைக் காற்றிலும் ரப்பரிலும் இருக்கும் கந்தகம் அதை விரைவாகக் கறுக்க வைக்கும். பரணில் வைக்கும்போது ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு விழுவது அதனால்தான். செய்தித்தாளும் பிளாஸ்டிக் பையும் வேண்டாம்; துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியில் சுற்றினால் போதும்.

அந்தச் சீரான பழுப்பு அழுக்கு அல்ல, நோயும் அல்ல. இரும்புத் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பித்தளையின் பழுப்போ உலோகத்தோடு ஒட்டி நின்று, மேலும் மாறுவதை மெதுவாக்குகிறது. ஒவ்வொரு முறையும் புளியால் அதைக் கரைத்து எடுக்கும்போது அதோடு துளி உலோகமும் போகிறது. புதுத்தோல் மறுபடி முதலிலிருந்து கறுக்க வேண்டியிருக்கிறது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பளபளப்பை பொங்கல், கார்த்திகை, வீட்டில் விசேஷம் என்று வருஷத்துக்கு மூன்று நான்கு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான விளக்கு பழுப்பாகவும் இருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய விளக்கு மங்கிவிட்டது, மரை ஆடுகிறது என்று பாத்திரக் கடையில் போட்டுப் புது விளக்கு எடுப்பவர்கள் நிறையப் பேர். அங்கே உங்கள் விளக்குக்குப் பழைய பித்தளை விலைதான் கிடைக்கும்; புதியதற்கு உலோக விலையும் செய்கூலியும் சேர்த்துத் தருவீர்கள். போடுவதற்கு முன் அந்தப் பழைய விளக்கை ஒரு முறை தண்ணீர்த் தராசில் எடை பாருங்கள். எட்டரை வந்தால், மரையைச் சரிசெய்து மெருகு போடும் கூலியை மட்டும் கொடுத்து, அதையே திருப்பி வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.